தாரணியின் 36.6 டிகிரி

திங்கட்கிழமை காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே தாரணி அறிவியல் கூடத்தின் வாசலில் நின்றாள். நான்காம் படிவம். தானா ராத்தாவை ஒட்டிய மலைச்சரிவில் அவள் அப்பாவுக்குக் காய்கறித் தோட்டம் இருக்கிறது. கேமரன் மலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட கூடாரங்கள். அப்படி ஒரு கூடாரத்தில் அவர் தக்காளி போட்டிருந்தார். அந்தத் தடவை பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்ந்தன.

"சார், கண்டுபிடிச்சிட்டேன்," என்று நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். ஏழு நாள் மதிய வெப்பநிலையின் சராசரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள்: 36.6 டிகிரி செல்சியஸ்.

பகலில் சுமார் 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் தக்காளியின் மகரந்தம் பாதிக்கப்படும், பூ உதிரத் தொடங்கும். அவள் அளந்ததோ 36.6. அந்த எண்ணைக் கேட்ட அப்பா கூரைக்கு நிழல்வலை போட முடிவு செய்துவிட்டார். இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். சனிக்கிழமை கடையில் முன்பணம் கட்ட வேண்டும்.

"பிறகு ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றேன்.

"நேத்து ராத்திரி தம்பி விளையாட்டுக்கு அதை எடுத்து அக்குள்ல வெச்சான். 42.4 காட்டுது சார்."

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை அதே அக்குளில் வைத்தபோது 36.5 வந்திருக்கிறது. மனித உடம்பு 42.4 டிகிரியில் இருந்தால் அவன் விளையாடிக்கொண்டிருக்க மாட்டான், மருத்துவமனையில் இருப்பான். இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். விடியற்காலை ஆறு மணிக்குக் கூடாரத்தில் 20.5 என்று அவள் படித்துக் காட்டியபோது அப்பா சிரித்தாராம். "இருபதா? எனக்குக் கை விறைக்குதும்மா."

அவளுடைய கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அது TMP36 என்ற சிறிய வெப்ப உணரி. மூன்று கால் கொண்ட கறுப்பு மணி போல இருக்கும். ஒரு காலுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும், ஒரு காலைத் தரையிணைப்பில் சேர்க்க வேண்டும், நடுக்காலில் வெப்பநிலைக்கு ஏற்ற மின்னழுத்தம் வரும். 0 டிகிரியில் அது 0.5 வோல்ட். அதன்பின் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.01 வோல்ட் கூடும். ஆகவே 20 டிகிரியில் 0.7 வோல்ட் வரும்.

நடுக்காலை அர்டுயினோ பலகையில் செருகினால், பலகை அந்த மின்னழுத்தத்தை ஓர் எண்ணாக மாற்றும். பூஜ்ஜியத்தில் இருந்து தன் முழு மின்னழுத்தம் வரைக்கும் 1024 படிகளாகப் பிரித்துக்கொண்டு, வந்த மின்னழுத்தம் எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்லும். அந்தப் படி எண்ணை டிகிரியாக மாற்ற தாரணி எழுதிய வரிகள் இவை:

```
int n = analogRead(A0);
float volt = n * 5.0 / 1024.0;
float c = (volt - 0.5) * 100.0;
```

பாடநூல், பயிற்சிப் புத்தகம் எதைத் திறந்தாலும் இதே வரிகள்தான் இருக்கும். நானும் வகுப்பில் இதைத்தான் எழுதிக் காட்டினேன். அந்த 5.0 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

"உணரி கெட்டுப்போச்சு. புதுசு வாங்கணும்," என்றாள் தாரணி.

"கெட்டுப்போன உணரி எதையாவது உளறும். உன்னுடையது பகலில் ஏறுது, இரவில் இறங்குது. எவ்வளவு தப்புன்னு தெரியாமலே தூக்கிப் போடலாமா?"

"எவ்வளவுன்னு தெரியுமே சார். 42.4-ல 36.5 போனா 5.9. எல்லாத்துலயும் 5.9-ஐக் கழிச்சிட்டா சரியாயிடும்."

இது நல்ல யோசனைதான். எல்லா வெப்பநிலையிலும் பிழை அதே 5.9-ஆக இருந்தால். இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூடத்தில் இருந்த மூன்று கண்ணாடி வெப்பமானிகளை எடுத்து ஒரே குவளைத் தண்ணீரில் நிறுத்தினேன். ஒன்று 22.5 காட்டியது, ஒன்று 23, மற்றது 24. இவற்றில் எதை நம்பி உணரியைத் திருத்துவது? பள்ளிக்கூட வெப்பமானிகள் ஒரு டிகிரி அப்படி இப்படித்தான் இருக்கும். பல வருடமாக மாணவர்கள் அவற்றைக் கலக்குகோலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வேறு யாரும் செய்து தர வேண்டாத, இயற்கையே நிறுத்தி வைத்திருக்கும் ஒரு வெப்பநிலை வேண்டும். உருகும் பனிக்கட்டி அப்படிப்பட்டது. பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும்வரை, உள்ளே வரும் வெப்பம் எல்லாம் கட்டியை உருக்குவதிலேயே செலவாகிறது, வெப்பநிலையை ஏற்றுவதில்லை. கடைசித் துண்டு கரையும்வரை அது 0 டிகிரியிலேயே நிற்கும். உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் படித்தது இதுதான்.

பள்ளி முடிந்ததும் சிற்றுண்டிச் சாலையில் பனிக்கட்டி வாங்கி வந்தாள். உணரி நனையக் கூடாது என்பதற்காக அதை ஓர் ஒல்லியான சோதனைக் குழாய்க்குள் இறக்கி, வெப்பம் நன்றாகக் கடப்பதற்குச் சமையல் எண்ணெய் கொஞ்சம் விட்டோம். தாரணி பெரிய பனிக்கட்டிகளைக் குவளையில் போட்டு, நடுவில் குழாயைச் செருகினாள். திரையில் எண்கள் நிற்கவே இல்லை. 1.5, 6, மறுபடி 2.

இதில் இரண்டு தவறு இருந்தது. உறைபெட்டியில் இருந்து அப்போதுதான் எடுத்த கட்டி 0 டிகிரியில் இருக்காது, அதற்கும் மிகக் கீழே இருக்கும். உருகத் தொடங்கிய பிறகுதான் அது 0-க்கு வரும். அடுத்தது, கட்டிகளுக்கு நடுவே இருந்த காற்று. குழாயின் ஒரு பக்கம் பனிக்கட்டியையும் இன்னொரு பக்கம் அறைக் காற்றையும் தொட்டுக்கொண்டிருந்தது.

கட்டிகளைத் துணியில் சுற்றித் தட்டி நொறுக்கினாள். குவளை நிறைய நொறுங்கல், இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர். உப்புக் கலந்த கரண்டி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, ஏனென்றால் உப்பு உருகுநிலையைக் கீழே இறக்கிவிடும். குழாய் குவளையின் அடியையோ சுவரையோ தொடாமல் பிடித்து, மெதுவாகக் கலக்கிக்கொண்டே பத்து நிமிடம் காத்திருந்தோம். எண் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றது. இருபது அளவீடு எடுத்துச் சராசரி பார்த்தாள். 3.4.

"0 டிகிரியில பிழை 3.4. அக்குள்ல 5.9. அப்ப பிழை ஒரே மாதிரி இல்ல," என்றாள். 5.9-ஐக் கழித்திருந்தால் பனிக்கட்டி நீர் -2.5 என்று வந்திருக்கும். நீரில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும்போது அது நடக்காத காரியம்.

வெப்பம் ஏற ஏறப் பிழையும் ஏறுகிறது என்றால், கழித்தல் மட்டும் போதாது, ஒரு பெருக்கலும் வேண்டும். வரைபடத்தில் ஒரு நேர்கோடு போலத்தான். கோடு வரைய இரண்டு புள்ளி வேண்டும். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்று, கொதிக்கும் நீர்.

மின்கேத்தலை விட்டுவிட்டு, அடுப்பில் குவளை வைத்துச் செய்தோம். கேத்தல் கொதி வந்ததும் தானே அணைந்துவிடும், நமக்கோ சில நிமிடம் தொடர்ந்து கொதிக்க வேண்டும். (வீட்டில் இதைச் செய்வதென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீராவி சுடுவது நீரைவிடக் கொடுமை.) பெரிய குமிழிகள் தளதளவென்று எழும்போது எண் நின்றது. சராசரி 105.1.

தாரணி நோட்டில் எழுதினாள். உண்மை 0, காட்டுவது 3.4. உண்மை 100, காட்டுவது 105.1. நான் பக்கத்தில்தான் நின்றேன். சரி என்றேன்.

கணக்கு எளிது. உண்மையில் 100 டிகிரி ஏறியபோது கருவி 105.1-இல் இருந்து 3.4 போக, 101.7 ஏறியிருக்கிறது. ஆகவே கருவியின் ஒவ்வொரு 'டிகிரி'யும் உண்மையில் 100 ÷ 101.7, அதாவது 0.983 டிகிரி. கருவி காட்டும் எண்ணில் 3.4-ஐக் கழித்து 0.983-ஆல் பெருக்கினால் உண்மை வெப்பநிலை. கூடாரத்தின் 36.6-ஐ அதில் போட்டாள். 32.6 வந்தது.

"குறைஞ்சிடுச்சு. ஆனா 32-க்கு மேலதான் சார். வலை வாங்கணும்."

நோட்டை மூடப் போனவளை நிறுத்தி, வேறு ஒரு புள்ளியில் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். கோடு வரையப் பயன்படுத்திய இரண்டு புள்ளிகளிலும் அந்தக் கோடு சரியாகத்தான் இருக்கும், அப்படித்தானே வரைந்தோம். மூன்றாவதாக ஒன்று வேண்டும். காய்ச்சல் வெப்பமானி 32-இல் இருந்து 42 வரைக்கும் மட்டும்தான் காட்டும் என்றாலும், அந்தச் சின்ன எல்லைக்குள் பத்தில் ஒரு டிகிரி வரை நம்பலாம். வெதுவெதுப்பான நீரில் அதையும் உணரிக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம். காய்ச்சல் வெப்பமானி 38.0. உணரி 44.0. சூத்திரத்தில் போட்டால் 39.9.

கிட்டத்தட்ட 2 டிகிரி தப்பு. அளவுத்திருத்தம் செய்த பிறகும்.

தாரணி மூன்று புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறித்தாள். 0-இல் பிழை 3.4. 38-இல் பிழை 6.0. 100-இல் பிழை 5.1. பிழை ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இல்லை. "உணரியே வளைஞ்சு போச்சு போல," என்றாள். TMP36 அப்படி வளைகிற ஜாதி இல்லை, இந்த எல்லைக்குள் அது நல்ல நேர்கோடு. ஆகவே மூன்றில் ஒரு புள்ளி பொய் சொல்கிறது.

நான் காய்ச்சல் வெப்பமானியைச் சந்தேகித்தேன். மின்கலம் தீர்ந்திருக்கலாம் என்று மாற்றிப் பார்த்தோம், அதே 38.0. பனிக்கட்டியைத் திரும்பச் செய்தோம், அதே 3.4. மணி நான்காகிவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிட்டாள். இந்தத் தடவை ஓடி வந்திருந்தாள்.

"சார், ஈப்போவுல எங்க அத்தை வீட்டுல பருப்பு எவ்வளவு சீக்கிரம் வேகும் தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை.

"நேத்து ராத்திரி அம்மா குக்கர்ல பருப்பு வெச்சாங்க. எப்பவும் சொல்ற மாதிரி சொன்னாங்க, இந்த மலையில குக்கர் இல்லாம பருப்பு வேகாது, ஈப்போவுல சாதா சட்டியிலயே வெந்திடும்னு. இங்க தண்ணி கொதிக்குது, ஆனா அவ்வளவு சூடு இல்ல. சார், இங்க 100 வந்து 100 இல்ல!"

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். கடலோரம். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று வருடத்துக்கு மூன்று வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன், தேர்வில் கேள்வியும் போட்டிருக்கிறேன். ஆனால் முந்தைய நாள் அவள் 100 என்று எழுதியபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் நிற்கும் இடம் மலை என்பது அந்தக் கணம் நினைவில் இல்லை.

நீர் கொதிப்பது என்றால், நீருக்குள்ளேயே நீராவிக் குமிழிகள் உருவாகி மேலே வருவது. மேலிருந்து அழுத்தும் காற்றை எதிர்த்துத்தான் அந்தக் குமிழி விரிய முடியும். மலைமேல் நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று குறைவு, அதனால் அழுத்தமும் குறைவு. குமிழி குறைந்த சூட்டிலேயே விரிந்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் நீர் வேகமாக ஆவியாகுமே தவிர, அதற்குமேல் சூடாகாது. குக்கர் செய்வது இதற்கு நேர்மாறு. நீராவியை உள்ளே அடைத்து, அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை மேலே தள்ளுகிறது.

1742-இல் தன் வெப்பநிலை அளவுகோலை முன்வைத்த சுவீடன் நாட்டு வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸுக்கு இது தெரியும். கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறுகிறது என்பதை அவரே ஆராய்ந்து எழுதினார். (அவர் முதலில் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் வைத்திருந்தார் என்பது மாணவர்கள் நம்ப மறுக்கும் செய்தி.) பனிக்கட்டியின் உருகுநிலையோ இந்த அளவு உயரத்தால் நமக்குத் தெரியும்படி மாறுவதில்லை. அதனால்தான் எங்கள் 0 சரியாக இருந்தது, 100 மட்டும் தவறியது.

நம்மைப் போன்ற உயரங்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். தானா ராத்தா கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். 1,440-ஐ 300-ஆல் வகுத்தால் 4.8. ஆகவே இங்கே நீர் 95.2 டிகிரியில் கொதிக்கிறது.

தாரணி 100-ஐ அடித்துவிட்டு 95.2 எழுதினாள். 95.2 ÷ 101.7 என்றால் 0.936. நிரலில் கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்:

```
float t = 0.936 * (c - 3.4);
```

முதலில் வெதுவெதுப்பான நீர். உணரியின் 44.0-ஐப் போட்டால் 38.0. காய்ச்சல் வெப்பமானியோடு அப்படியே ஒத்துப்போனது. தம்பியின் 42.4, 36.5 ஆனது. அப்பா சிரித்த அந்த விடியற்காலை 20.5, 16.0 ஆனது. கேமரன் மலையின் விடியலைத் தெரிந்தவர்களுக்கு அது நம்பும்படியான எண்.

கடைசியாகக் கூடாரத்தின் 36.6. கைபேசியைத் தொடாமல் தாளிலேயே பெருக்கினாள். 31.1.

தவறான கோடு 32.6 சொன்னது, சரியான கோடு 31.1 சொல்கிறது. எல்லையோ 32. அந்த ஒன்றரை டிகிரி இரண்டாயிரம் வெள்ளிக் கேள்விக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறது. முதல் நாளே, மூன்றாவது புள்ளியைப் பார்க்காமல் நோட்டை மூடியிருந்தால், 'அளவுத்திருத்தம் செய்யப்பட்டது' என்று தைரியமாக எழுதி, தவறான எண்ணை அப்பாவிடம் கொடுத்திருப்பாள். திருத்தாத கருவியையாவது சந்தேகப்படுவோம்.

ஆனால் 31.1 என்பதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பலகையின் ஒரு படி ஏறக்குறைய அரை டிகிரி, அதற்குள் இருப்பதைச் சராசரி எடுத்துத்தான் ஊகிக்கிறோம். 95.2-உம் ஒரு தோராயக் கணக்கில் வந்தது. 31.1 என்றால் 30.5-க்கும் 31.7-க்கும் நடுவில் எங்கோ என்று படிப்பதுதான் நியாயம். அது மட்டுமல்ல, ஏழு நாளும் உணரி எங்கே தொங்கியது என்று கேட்டேன். நல்ல வேளை, கவிழ்த்த வெள்ளைக் கோப்பையின் நிழலில் தொங்கவிட்டிருந்தாள். வெயில் நேரே பட்டிருந்தால் அது காற்றின் சூட்டைச் சொல்லாது, வெயிலில் காய்ந்த கறுப்பு மணியின் சூட்டைச் சொல்லும். அந்தப் பிழையை எந்தப் பனிக்கட்டியாலும் திருத்த முடியாது.

எல்லாவற்றையும் அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப எல்லைக்குக் கிட்டத்தான் இருக்கு, தாண்டல. அப்படித்தானேம்மா?" வலை போட்டால் வெளிச்சமும் குறையும், மேகம் சூழ்ந்த மலையில் தக்காளிக்கு அது வேறு நஷ்டம். சனிக்கிழமை அவர் கடைக்குப் போகவில்லை. கூடாரத்தின் இரண்டு பக்கத் தடுப்புகளையும் மதிய நேரத்தில் சுருட்டி மேலே கட்டினார், காற்று புகுந்து வெளியேறட்டும் என்று. அடுத்த வாரம் மதியச் சராசரி 29-க்கு இறங்கியது. பூ உதிர்ந்ததற்குச் சூடுதான் காரணமா, வேறு ஏதாவதா என்பது இன்னும் தெரியாது. அதற்கு அவர் விவசாயத் துறை அதிகாரி ஒருவரை வரச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது வாரம் தாரணி மறுபடி வந்தாள். விடியற்காலை எண் திடீரென்று 13 காட்டுகிறதாம். வெளியே அப்படி ஒரு குளிர் இல்லை.

இந்த முறை நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் கழித்துத் திரையில் -2.2. மூன்று வாரத்துக்கு முன்பு திருத்தி வைத்த கருவி, பனிக்கட்டி நீரில் பூஜ்ஜியம் காட்ட மறுக்கிறது.

"என்ன மாத்தின?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சார். பழைய சார்ஜர் வயரை எலி கடிச்சிடுச்சு. வேற சார்ஜர் போட்டேன்."

நான் மல்டிமீட்டரை எடுத்துப் பலகையின் 5V முனையில் வைத்தேன். 4.90 வோல்ட். எலி கடித்த கம்பியை நாடா ஒட்டிச் சேர்த்து, பழைய சார்ஜரில் போட்டுப் பார்த்தோம். 4.69 வோல்ட். சார்ஜரின் முதுகில் என்னமோ 5V என்றுதான் அச்சடித்திருந்தது. வயதான சார்ஜர், மூன்று மீட்டர் மெல்லிய கம்பி, வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மின்னழுத்தம் தேய்ந்துபோயிருக்கிறது.

இப்போது அந்த 5.0-க்கு வருவோம். பலகை தன்னிடம் இருக்கும் முழு மின்னழுத்தத்தைத்தான் 1024 படிகளாகப் பிரிக்கிறது. அது 4.69 வோல்ட் என்றால் ஒவ்வொரு படியும் சிறியதாகிவிடும். ஆனால் நிரலில் நாம் 5.0 என்று எழுதிவிட்டோம். அரைக்கால் குறைந்த முழக்கோலால் துணியை அளந்துவிட்டு, முழு முழம் என்று விலை சொன்னது போல. எண்கள் எல்லாம் பெரிதாகவே வந்தன.

தாரணி நோட்டின் ஓரத்தில் 4.69-ஐ 5-ஆல் வகுத்துக்கொண்டிருந்தாள். 0.938. அவள் பென்சில் நின்றது. பக்கத்தைத் திருப்பி, மூன்று வாரத்துக்கு முன்பு எழுதிய வரியைத் தேடினாள். 0.936.

"சார், இது அதேதான்!"

அதேதான். பனிக்கட்டியும் கொதிநீரும் வைத்து நாங்கள் கண்டுபிடித்த அந்தப் பெருக்கல் எண், உண்மையில் சார்ஜரின் மின்னழுத்தம். மல்டிமீட்டரைத் தொடாமலே 5 × 0.936, அதாவது 4.68 வோல்ட் என்று அவள் அளந்துவிட்டிருந்தாள். மீட்டர் சொன்னதற்கும் அதற்கும் 0.01 வோல்ட்தான் வித்தியாசம். 100 என்றே விட்டிருந்தால் 0.983 வந்திருக்கும், அது 4.92 வோல்ட் என்று சொல்லியிருக்கும்.

உணரி ஆரம்பத்தில் இருந்தே சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அன்றைக்கு அதைக் குப்பையில் போட்டுப் புதிது வாங்கியிருந்தால், புதியதும் அதே 36.6-ஐத்தான் காட்டியிருக்கும்.

இனி என்ன செய்வது? சார்ஜர் மாறும்போதெல்லாம் பனிக்கட்டி நொறுக்கலாம், அல்லது மீட்டரில் அளந்து 5.0-க்குப் பதில் அந்த எண்ணை எழுதலாம். இன்னொரு வழி உண்டு. அர்டுயினோ ஊனோ பலகையில் 3.3V என்று ஒரு முனை இருக்கிறது. பலகையே அதைச் சீராக்கித் தருவதால் சார்ஜர் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது அசைவதில்லை. அதை AREF முனையோடு ஒரு கம்பியால் இணைத்து, setup பகுதியில் முதல் வரியாக இதை எழுத வேண்டும்:

```
analogReference(EXTERNAL);
```

பிறகு 5.0 என்ற இடத்தில் 3.3. இந்த வரி analogRead-க்கு முன்னால் வர வேண்டும், மறந்தால் பலகை பழுதாகக்கூடும். 3.3-ஐப் பிரித்தால் படிகளும் சிறியதாகும், ஒரு படிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு டிகிரி. அது இலவசமாகக் கிடைக்கும் லாபம்.

தாரணி கம்பியை மாற்றினாள், அந்த வரியைச் சேர்த்தாள், பழைய 0.936 வரியை அழித்தாள். உருகிக்கொண்டிருந்த பனிக்கட்டிக் குவளை இன்னும் மேசைமேல் இருந்தது. குழாயை உள்ளே இறக்கிக் கலக்கினாள். 0.4.

"பூஜ்ஜியம் வரலயே சார்."

"உணரி செய்யறவங்களே ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி முன்ன பின்ன இருக்கலாம்னுதான் விவரத்தாள்ல போட்டிருக்காங்க."

அவள் நோட்டில் புதிய பக்கம் எடுத்து, தேதி போட்டு, 'பனிக்கட்டி: 0.4, சார்ஜர்: புதுசு' என்று எழுதிக்கொண்டாள். பிறகு குவளையில் மீதி இருந்த தண்ணீரைச் செடியில் ஊற்றிவிட்டு, அடுத்த திங்கட்கிழமைக்கும் பனிக்கட்டி வேண்டும் என்று சிற்றுண்டிச் சாலை அக்காவிடம் சொல்லப் போனாள்.